5.85 சதவீதப் பத்திரம் 7.46 சதவீதம் தருவது எப்படி?

2020 டிசம்பர் 1 அன்று இந்திய அரசு பத்தாண்டுக் கடன் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. வர்த்தகத் திரையில் அதன் பெயர் 5.85% GS 2030. கொரோனாவால் தொழில்கள் முடங்கியிருந்த காலம் அது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் இருந்தது. அரசே பத்தாண்டுக்கு 5.85 சதவீதம் தருகிறது என்றால் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மறுக்காமல் வாங்கின.

ஒன்றரை ஆண்டில் நிலைமை தலைகீழானது. 2022 மே 4 அன்று, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல், ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4.40 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த பிப்ரவரிக்குள் அது 6.50 ஆனது. 2022 ஜூனில் பத்தாண்டு அரசுப் பத்திரங்களின் சந்தை வட்டி ஏழரை சதவீதத்தை ஒட்டி நடமாடியது. புதிதாக வரும் அரசுப் பத்திரமே ஏழு சதவீதத்துக்கு மேல் தரும்போது, 5.85 சதவீதம் தரும் பழைய பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்?

யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் பத்திரத்தில் அச்சான வட்டியை, அதாவது கூப்பனை, இடையில் மாற்ற முடியாது. முகமதிப்பையும் முதிர்வுத் தேதியையும் மாற்ற முடியாது. மாறக்கூடியது விலை ஒன்றுதான். வாங்குபவருக்கு அன்றைய சந்தை வட்டி கிடைக்கும் அளவுக்கு விலை இறங்கியாக வேண்டும். எவ்வளவு இறங்கும் என்பதைப் பேனாவும் காகிதமும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

2022 ஜூன் 1 அன்று ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்புக்கு இந்தப் பத்திரத்தை வாங்க நினைத்தார் என்று கொள்வோம். அவருக்கு என்னென்ன வரும்? ஆண்டுக்கு 5,850 ரூபாய் வட்டி. அரசுப் பத்திரங்களில் அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதி பாதியாக வரும். எனவே ஒவ்வொரு டிசம்பர் 1 அன்றும் ஜூன் 1 அன்றும் 2,925 ரூபாய். முதிர்வுக்கு எட்டரை ஆண்டு மீதி இருப்பதால் இப்படிப் பதினேழு தவணைகள். பதினேழாவது தவணையோடு, 2030 டிசம்பர் 1 அன்று, அசல் ஒரு லட்சமும் திரும்பும்.

சந்தை வட்டி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 3.75 சதவீதம். ஆறு மாதம் கழித்து வரப்போகும் 2,925 ரூபாயின் இன்றைய மதிப்பு, இன்று எவ்வளவு போட்டால் 3.75 சதவீத வட்டியில் அது 2,925 ஆகுமோ அவ்வளவுதான். 2,925ஐ 1.0375 ஆல் வகுத்தால் 2,819 ரூபாய். ஓராண்டு கழித்து வரும் இரண்டாம் தவணையை இருமுறை வகுக்க வேண்டும்; அது 2,717 ரூபாய். இப்படியே தள்ளிப்போகப்போக மதிப்பு தேய்ந்துகொண்டே வரும். கடைசியில் வட்டியும் அசலுமாக வரும் 1,02,925 ரூபாயைப் பதினேழு முறை வகுத்தால் 55,046 ரூபாய்தான் மிஞ்சும். பதினேழு தொகைகளையும் கூட்டினால் 89,766 ரூபாய்.

சந்தையில் விலையை நூறு ரூபாய் முகமதிப்புக்குச் சொல்வார்கள். எனவே விலை 89.77. அரசு ஒரு தவணைகூடத் தவறவில்லை, இனியும் தவறப்போவதில்லை. இருந்தும் பத்திரத்தின் விலையில் பத்து சதவீதம் போய்விட்டது.

மீதியுள்ள காலம் மாறினால் சரிவின் அளவும் மாறும். இதே 5.85 சதவீதக் கூப்பன், இதே 7.5 சதவீதச் சந்தை வட்டி. ஆனால் முதிர்வுக்கு இரண்டே ஆண்டு மீதி என்றால் விலை 96.99தான். முப்பது ஆண்டு மீதி இருந்தால் 80.42. குறைந்த கூப்பனை எத்தனை ஆண்டு சகிக்க வேண்டுமோ அத்தனை ஆண்டுக்கான ஈட்டுத் தொகையை வாங்குபவர் முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்கிறார். வட்டி ஏறும் காலத்தில் நீண்டகாலப் பத்திரம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுவார்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இனிக் கணக்கைத் திருப்பிப் போடலாம். நடைமுறையில் வாங்குபவரின் கண்ணில் முதலில் படுவது விலை. ஒருவர் அதே நாளில் நூறுக்கு 90 என்ற விலையில் பத்திரத்தை வாங்குகிறார். அவருக்குக் கிடைக்கப்போகும் வட்டி விகிதம் என்ன?

பலர் இங்கே 5.85ஐ 90 ஆல் வகுத்து 6.5 சதவீதம் என்று நின்றுவிடுகிறார்கள். இதற்குக் கரண்ட் யீல்டு என்று பெயர். தவறான எண் அல்ல. ஆனால் பாதிக் கணக்கு. 90 ரூபாய்க்கு வாங்கியவருக்கு முடிவில் 100 ரூபாய் வருகிறதே, அந்தப் பத்து ரூபாய் இதில் இல்லை. வட்டி, வாங்கிய விலை, முடிவில் வரும் அசல், இடைப்பட்ட காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் விகிதம்தான் யீல்டு டு மெச்சூரிட்டி. சுருக்கமாக ஒய்.டி.எம். வரவேண்டிய எல்லாத் தவணைகளின் இன்றைய மதிப்பையும் கூட்டினால் கொடுத்த விலை சரியாக வரவேண்டும். எந்த வட்டியில் அப்படி வருகிறதோ அதுவே ஒய்.டி.எம்.

இதை ஒரே வரியில் தீர்க்கும் சமன்பாடு கிடையாது. ஊகித்துப் பார்த்துத் திருத்துவதுதான் வழி. முதலில் 7 சதவீதம் போட்டால் விலை 92.73 வருகிறது. கொடுத்தது 90தான் என்பதால் உண்மையான விகிதம் இன்னும் அதிகம். 7.5 போட்டால் 89.77, இது சற்றுக் குறைந்துவிட்டது. 7.4 போட்டால் 90.35. ஆக, விடை 7.4க்கும் 7.5க்கும் நடுவே. நுணுக்கிப் பார்த்தால் 7.46 சதவீதம்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. லாபமான 10 ரூபாயை எட்டரை ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1.18. அதோடு கூப்பன் 5.85ஐச் சேர்த்தால் 7.03. வாங்கிய விலைக்கும் முகமதிப்புக்கும் சராசரியான 95 ஆல் வகுத்தால் 7.40 சதவீதம். தரகர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க இது போதும். துல்லியம் வேண்டுமானால் எக்செல் இருக்கிறது:

```
=PRICE(DATE(2022,6,1),DATE(2030,12,1),0.0585,0.075,100,2,0)
=YIELD(DATE(2022,6,1),DATE(2030,12,1),0.0585,90,100,2,0)
```

முதல் வரி 7.5 சதவீதத்துக்கான விலையைத் தரும். இரண்டாவது 90 ரூபாய் விலைக்கான ஒய்.டி.எம்.மைத் தரும். இறுதியிலுள்ள 2 என்பது ஆண்டுக்கு இரு தவணை. 0 என்பது மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கு முறை. இந்திய அரசின் நீண்டகாலப் பத்திரங்களுக்கு அதுதான் வழக்கம்.

இந்த 7.46 அப்படியே கைக்கு வருமா என்றால், அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் 2,925 ரூபாயையும் உடனுக்குடன் அதே 7.46 சதவீத வட்டியில் மறுபடி முதலீடு செய்வதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அப்படிச் செய்தால் 90,000 ரூபாய் முதிர்வின்போது ஏறத்தாழ 1,67,700 ரூபாயாக வளர்ந்திருக்கும். தவணைகளை வட்டி தராத நடப்புக் கணக்கில் முடக்கினால் கையில் இருப்பது மொத்தம் 1,49,725 ரூபாய்தான். அதை ஆண்டு விகிதமாக மாற்றினால் 6.08 சதவீதம். மறு முதலீட்டில் சந்தை என்ன வட்டி தரும் என்பது வாங்கும் நாளில் யாருக்கும் தெரியாது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைக்கத் தொடங்கி ஜூனில் 5.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததை நினைத்தால் இந்த நிபந்தனை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது புரியும்.

விலை இறங்கியதைப் பார்த்து, பழைய பத்திரம் வைத்திருப்பவர் கலங்க வேண்டியதில்லை. அவர் முதிர்வு வரை பொறுத்தால் முழு நூறும் வரும். சந்தை வட்டி 7.5 சதவீதத்திலேயே அசையாமல் நின்றாலும், 2022இல் 89.77 ஆக இருந்த விலை மூன்றே ஆண்டில் 92.67 ஆக ஏறிவிடும். முதிர்வு நெருங்க நெருங்க விலை நூறை நோக்கித்தான் நகரும். இடையில் பணம் தேவைப்பட்டு விற்பவருக்கு மட்டும் நட்டம் நிஜம்.

அதிகமான ஒய்.டி.எம். நல்ல ஒய்.டி.எம். ஆகிவிடாது. சொன்ன பணம் சொன்ன தேதியில் வரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த நாட்களில் அதன் டாலர் பத்திரங்கள் முகமதிப்பில் பாதிக்கும் கீழே கைமாறின. அந்த விலையைச் சூத்திரத்தில் போட்டால் கண்ணைப் பறிக்கும் விகிதம் வரும். உண்மையில் அது வட்டி அல்ல; பணம் வராது என்ற அச்சத்துக்குச் சந்தை போட்ட விலை. தனியார் நிறுவனப் பத்திரம் ஒன்று அதே கால அளவுள்ள அரசுப் பத்திரத்தைவிடப் பல சதவீதம் அதிகம் காட்டினால், அந்த வித்தியாசம் எதற்கு என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி ரீடெய்ல் டைரக்ட் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தனிநபர்கள் 10,000 ரூபாய் முகமதிப்பிலிருந்தே அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். அப்படி வாங்குபவர்களைக் குழப்பும் ஒன்று, திரையில் காட்டும் விலையும் கணக்கிலிருந்து எடுக்கப்படும் தொகையும் ஒத்துப்போகாதது. இரண்டு வட்டித் தேதிகளுக்கு நடுவே வாங்கினால், கடந்த தேதியிலிருந்து அன்றுவரை சேர்ந்த வட்டியை விற்பவருக்குத் தனியே கொடுக்க வேண்டும். இதே பத்திரத்தை 2022 செப்டம்பர் 16 அன்று வாங்கியிருந்தால் 105 நாள் வட்டி, அதாவது நூறுக்கு 1.71 ரூபாய், திரை விலைக்கு மேல் சேர்ந்திருக்கும். அடுத்த டிசம்பரில் முழுத் தவணையும் வாங்கியவருக்கே வந்துவிடும் என்பதால் இது இழப்பு அல்ல. ஆனால் எக்செல்லில் ஒய்.டி.எம். பார்க்கும்போது இந்தக் கூடுதலைச் சேர்க்காமல், திரையில் உள்ள விலையை மட்டும் உள்ளிடுங்கள். சேர்ந்த வட்டியை அந்தச் சூத்திரம் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.