கருத்தரிக்கும் முன்பே எடையைக் கவனிப்பது ஏன்?

திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்தும் குழந்தை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் கோயில், அடுத்து நாட்டு மருந்து, கடைசியில்தான் கிளினிக் என்பது வழக்கம். கிளினிக்கிலோ தாதியர் முதலில் செய்வது பெண்ணை எடைக்கருவியில் நிற்க வைப்பதுதான். பலருக்கு இது மனவருத்தத்தைத் தருகிறது. "குண்டாக இருந்தால் என்ன, என் அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள் பிறக்கவில்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பருமனான பெண்கள் பலர் எந்தச் சிக்கலும் இல்லாமல் கருத்தரிக்கிறார்கள். ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களிடம் கதை வேறு.

ஜொகூரில் மாசாய் வட்டாரத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் 29 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 31 வருகிறது. இதுதான் பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு. ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். இவருக்கு மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது.

உடலுக்குள் நடப்பது இதுதான். அதிகக் கொழுப்பு, அதிலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதை ஈடுகட்ட உடல் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இந்த அளவுக்கு மீறிய இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரிய ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. விளைவு, முட்டை வளரத் தொடங்குகிறது. ஆனால் முற்றி வெளியேறாமல் பாதியில் நின்றுவிடுகிறது. முட்டை வெளிவராத மாதத்தில் கருத்தரிக்க வழியே இல்லை. இரத்தப்போக்கு வந்துவிட்டாலே முட்டை வெளியேறிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரியும்.

எடை மிகக் குறைந்தாலும் இதே கதவு மூடுகிறது. சேமிப்பில் கொழுப்பு இல்லை என்று அறிந்ததும் மூளை சினைப்பைக்குத் தரும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. 1944-45ல் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றது; சில மாதங்களில் பிறப்புகளும் சரிந்தன.

எவ்வளவு குறைத்தால் போதும்?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் முட்டை வெளிவராத 13 பருமனான பெண்களை ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார்கள். 1995ல் அதன் முடிவு வெளியானது. சராசரியாக 6.3 கிலோ குறைந்தது. 12 பேருக்கு முட்டை மீண்டும் வெளியேறியது, 11 பேர் கருவுற்றனர். மெலிந்த உடம்பு தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாசாய்ப் பெண்ணுக்கு 5 விழுக்காடு என்றால் 4 கிலோதான். இனிப்பான தே தாரேக்கை விட்டு, இரவு ஷிப்ட் முடிந்ததும் சாப்பிடும் ரொட்டி சானாயைக் குறைத்து, வாரத்துக்கு அரைக் கிலோ என்று போனால் இரண்டு மாத வேலை. 60 நாள் இடைவெளி 45, பிறகு 35 என்று சுருங்குவதே பலன் தெரிவதற்கான அடையாளம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2016ல் வெளியான, 577 பெண்கள் பங்கேற்ற நெதர்லாந்து ஆய்வில், சிகிச்சைக்கு முன் எடை குறைத்தவர்களில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் கூடினர். ஆனால் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையை இயல்பாகப் பெற்றெடுத்தவர்கள் கூடவில்லை. ஆகவே 35 வயதைக் கடந்தவர் எடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. எடை குறைக்கும் செமக்ளூடைட் ஊசி போடுபவர்கள் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறையும்போதே முட்டை வெளியேறத் தொடங்கலாம் என்பதால், அதுவரை கருத்தடையும் தேவை.

கருவுற்ற பிறகு குறைக்கலாமே என்றால், அது காலம் கடந்த யோசனை. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் குழல் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்ணுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரியாது. பருமனானவர்களுக்கு இக்குறை சற்று அதிகம் என்பதால் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்குவார்கள்.

பிறகு நச்சுக்கொடியின் ஹார்மோன்களும் இன்சுலினை எதிர்க்கத் தொடங்கும். ஏற்கெனவே தடுமாறும் உடலில் சர்க்கரை ஏறுகிறது. அதனால்தான் 2017ஆம் ஆண்டு மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி, குறியீடு 27ஐத் தாண்டியவர்களுக்கு முதல் பதிவின்போதே 'ஆயர் கூலா' எனும் 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடிக்கக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 என்ற அளவை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை குடிக்க வேண்டும். கர்ப்பகால இரத்த அழுத்தம், சிசேரியன் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம்.

மாசாய்ப் பெண் 74 கிலோவில் கருவுற்றால் குறியீடு இன்னும் 29க்கு மேல்தான் இருக்கும். அவரும் அந்தத் தண்ணீரை இரண்டு முறை குடித்தாக வேண்டும்.