பூனையின் கழுத்திலும் வாலடியிலும் காணும் பொருக்கு

நெல் மூட்டைகளை எலிகளினின்று காக்கும்பொருட்டுக் குடியானவர்கள் வீட்டில் பூனை வளர்ப்பதுண்டு. செம்பரம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அவ்விதம் இரண்டு பூனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் மேல் தெள்ளுப்பூச்சிகள் ஏராளமாய் ஓடுகின்றன. ஆயினும் அது சுகமாயிருக்கிறது. மற்றொன்றின் மேல் ஒரு பூச்சியும் தென்படவில்லை; ஆனால் அதன் கழுத்தைச் சுற்றிலும் வாலடியிலும் தினையளவு பொருக்குகள் கைக்குத் தட்டுப்படுகின்றன; மயிரும் உதிர்ந்திருக்கிறது. வீட்டார் இதைச் சிரங்கென்று கருதி எண்ணெய் தடவுவர். அதனால் குணம் உண்டாவதில்லை.

இரண்டாவது பூனைக்கும் காரணம் தெள்ளுப்பூச்சியேயாம். இரத்தம் உறையாதிருக்கும்படி இப்பூச்சி கடிக்குமிடத்தில் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்களைச் சில பூனைகளின் உடல் கொடிய பகையாகப் பாவித்து எதிர்க்கிறது. இதுவே ஒவ்வாமை. கடித்த சில நிமிஷங்களில் தடிப்பும், ஓரிரு நாட்களில் மறுபடியும் வீக்கமும் நமைச்சலும் தோன்றும். ஆகையால் துன்பத்தின் அளவு பூச்சிகளின் தொகையைப் பொறுத்ததன்று. இரண்டொரு கடியே போதும். நமைச்சலுற்ற பூனை இடைவிடாது தன்னை நக்கிப் பூச்சிகளை விழுங்கிவிடுவதால், அவை நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. கழுத்துக்கு மட்டும் நாக்கு எட்டாது. பூச்சிகள் அங்கே தங்குகின்றன, பூனையோ பின்னங்கால் நகத்தால் அவ்விடத்தைப் பிறாண்டுகிறது. வாலடியை நாக்காலும் பல்லாலும் புண்ணாக்குகிறது.

சோதிக்கும் விதம் எளிது. நெருக்கமான பற்களுள்ள சீப்பினால் வாலடியை வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் இடவேண்டும். பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். அதாவது சீரணித்த இரத்தம். நிறம் பரவாவிடினும் நோய் இல்லையென்று தீர்மானித்தல் கூடாது. நக்கும் பூனை எச்சத்தையும் அகற்றிவிடும். பொருக்கு காதோரத்தில் தொடங்கி முகத்தில் பரவுமாயின் அது பெரும்பாலும் வேறொரு சொறிநோயாகும்; அதற்குச் சிகிச்சையும் வேறு.

பூச்சி பூனையின் மேல் முட்டையிட்டாலும், முட்டைகள் உதிர்ந்து பூனை படுக்கும் சாக்கிலும் தரைப்பிளவிலும் விழுகின்றன. புழுக்கள் அங்கே வளர்ந்து கூடு கட்டுகின்றன. ஏரிக்கரை ஊர்களின் ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் உகந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள காலத்தில் மூன்று, நான்கு வாரங்களில் புதுப்பூச்சி வெளிவரும்; சில கூட்டிற்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே பொருக்குள்ள பூனைக்கு மாத்திரமன்றி, வீட்டிலுள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் கால்நடை வைத்தியர் குறிக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தவறாது இடவேண்டும். ஒரு மாதத்தில் நிறுத்துவோர், மருந்து பலிக்கவில்லையென்று வீணே குறை கூறுவர். சாக்குகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. தரைத்தூசியைப் பெருக்கி எரித்துவிடுக.

பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடலாகாது. அது பூனைக்கு நஞ்சு. தவறி இட்டபின் நடுக்கமோ வலிப்போ கண்டால், தாமதியாது கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். பூந்தமல்லி வழியாகச் சென்றால் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியை அடையலாம்.