தாமதத்தை மறைக்கும் ரோல்பேக்

சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. எதிராளி அழுத்திய பொத்தானின் செய்தி இணையம் வழியே வந்து சேர 50 மில்லிநொடி ஆனால், அது 3 ஃபிரேம் தாமதம்.

பழைய முறையில், அந்தச் செய்தி வரும்வரை இருவரின் பொத்தான் அழுத்தங்களும் நிறுத்திவைக்கப்படும். இணைப்பு தடுமாறினால் ஆட்டமே நின்று நின்று ஓடும்.

டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ பரவலாக்கிய ரோல்பேக் முறை காத்திருப்பதில்லை. எதிராளி கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது. ஆட்டக்காரரின் கை அழுத்தம் தாமதமின்றித் திரைக்கு வருகிறது. பெரும்பாலான ஃபிரேம்களில் பொத்தான் மாறாததால் ஊகம் பலிக்கிறது.

எதிராளி 100ஆம் ஃபிரேமில் குத்து விடுகிறார். செய்தி 103இல் வருகிறது. சேமித்துவைத்த 100ஆம் ஃபிரேமின் நிலைக்கு விளையாட்டு திரும்பி, இடைப்பட்ட மூன்றையும் ஒரே ஃபிரேம் நேரத்துக்குள் மறுபடி கணக்கிடுகிறது. குத்துக்குக் கை ஓங்கும் முதல் மூன்று ஃபிரேம்கள் மட்டுமே திரையில் விடுபடும்.

தாமதம் மிகுந்தால் விடுபடுவதும் மிகும். பாத்திரங்கள் இடம் விட்டு இடம் தாவுவதுபோல் தெரியும். அதனால் பல விளையாட்டுகள் ஓரிரு ஃபிரேம் தாமதத்தையும் சேர்த்தே வைக்கின்றன.