இரண்டும் வேகத்தைப் பாதியாக்கினால், எது எந்தத் தடுப்பான்?

கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் ஏ.எல்.பி. என்று ஒரு வரி இருக்கும். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி இரத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்கிறது. மற்ற மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எடுப்பதுதான் இந்த நொதியின் தொழில். ஆய்வகத்தில் இதற்குப் பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமற்ற பொருளைத் தருகிறார்கள். பாஸ்பேட் வெட்டுப்பட்டதும் காரக் கரைசல் மஞ்சளாகிறது. ஒளிமானியில் 405 நானோமீட்டரில் அந்த மஞ்சள் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்த்தால் அதுவே நொதியின் வேகம்.

இந்த வேகத்தைக் குறைக்கும் பொருள்கள் இரண்டு முக்கிய வழிகளில் செயல்படலாம். போட்டித் தடுப்பான், தளப்பொருள் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. போட்டியற்ற தடுப்பான் நொதியின் வேறோர் இடத்தில் பிணைகிறது. தளப்பொருள் அமர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அது பிணைந்த நொதி தளப்பொருளை ஏற்கும், ஆனால் வெட்டாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தடுப்பான் இல்லாதபோது நொதியின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 60 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி வேகத்தை எட்டத் தேவையான தளப்பொருளின் செறிவு 0.2 மில்லிமோலார், இதுதான் மைக்கேலிஸ் மாறிலி. இந்த 0.2 செறிவில் நொதி 30 அலகு வேகத்தில் ஓடும். ‘அ’ என்ற தடுப்பானைச் சேர்த்தால் வேகம் 15. ‘ஆ’வைச் சேர்த்தாலும் 15. இந்த ஒரே செறிவில் எத்தனை முறை அளந்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

எனவே சோதனையில் மாற்ற வேண்டியது தளப்பொருளின் செறிவை. மைக்கேலிஸ் மாறிலிக்குக் கீழும் மேலும் விரியும்படி 0.05, 0.1, 0.2, 0.6, 1, 3 மில்லிமோலார் என்று ஆறு செறிவுகள் எடுக்கலாம். இதே வரிசையைத் தடுப்பான் இல்லாமல் ஒரு முறை, ‘அ’வுடன் ஒரு முறை, ‘ஆ’வுடன் ஒரு முறை ஓட்ட வேண்டும். நொதியின் அளவு, தடுப்பானின் அளவு, வெப்பநிலை, காரத்தன்மை ஆகியவை மாறக் கூடாது.

3 மில்லிமோலாரில் விடை தெரிகிறது. தடுப்பான் இல்லாதபோது வேகம் 56. ‘அ’ இருந்தும் அது 50 வரை ஏறிவிடுகிறது. தளப்பொருள் பெருகப் பெருக ‘அ’வுக்கு இடம் கிடைப்பதில்லை. ‘ஆ’ இருந்தால் வேகம் 28ஐத் தாண்டவில்லை. முழு வரைகோட்டையும் பொருத்திப் பார்த்தால், ‘அ’வில் உச்ச வேகம் அதே 60, மைக்கேலிஸ் மாறிலி மட்டும் 0.6 ஆக உயர்ந்ததுபோல் தோன்றும். ‘ஆ’வில் மாறிலி அதே 0.2, உச்ச வேகம் 30 ஆகக் குறைந்ததுபோல் தோன்றும். முதலாவது போட்டி, இரண்டாவது போட்டியற்றது. இரண்டு மாறிலிகளுமே மாறினால் அது கலப்புத் தடுப்பாக இருக்கலாம். போட்டியற்ற தடுப்பு தூய வடிவில் அரிதாகவே கிடைக்கிறது.

1934இல் லைன்வீவரும் பர்க்கும் தந்த தலைகீழ் வரைபடத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். போட்டித் தடுப்பில் கோடுகள் செங்குத்து அச்சிலும், போட்டியற்ற தடுப்பில் கிடை அச்சிலும் சந்திக்கும். ஆனால் அந்த வரைபடம் மிகக் குறைந்த செறிவில் நேரும் சிறு பிழையையும் பெரிதாக்கிவிடும். அதனால் படத்தைப் பார்வைக்கு வைத்துக்கொண்டு, மாறிலிகளை நேரடி வரைகோட்டிலிருந்து கணிப்பதே பாதுகாப்பு.

இந்த நொதிக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. வெட்டுப்பட்டு வெளிவரும் பாஸ்பேட்டே இதற்குப் போட்டித் தடுப்பான். ஆகவே பாஸ்பேட் தாங்கல் கரைசலைத் தவிர்த்து டிரிஸ் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். மஞ்சள் ஏறும் கோடு வளையத் தொடங்கும் முன், நேராக இருக்கும் தொடக்கப் பகுதியை மட்டுமே வேகமாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறி ‘ஆ’வின் பக்கம் இருக்கிறது. இந்த நொதி இயங்கத் துத்தநாகம் வேண்டும். இ.டி.டி.ஏ. அந்த உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், அதனால்தான் ஏ.எல்.பி. பரிசோதனைக்கு இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த இரத்தம் ஏற்கப்படுவதில்லை. பாதி நொதி இப்படிச் செயலிழந்தால், மீதிப் பாதி வழக்கம்போல் வேலை செய்யும். அப்போதும் மாறிலி அப்படியே இருக்க, உச்ச வேகம் பாதியாகும். வரைபடம் போட்டியற்ற தடுப்பு என்றே சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். நொதியைத் தடுப்பானுடன் 1, 10, 30 நிமிடம் ஊறவைத்து அளக்கும்போது தடுப்பு கூடிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். பிறகு அந்தக் கலவையைத் தளப்பொருள் கரைசலில் 100 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். மீளும் தடுப்பான் கழன்றுகொள்ளும். நொதியின் வேகம் திரும்பும். திரும்பாவிட்டால் ‘ஆ’ நொதியைச் செயலிழக்கச் செய்திருக்கிறது; அதைப் போட்டியற்ற தடுப்பான் என்று எழுதக் கூடாது.