எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளை

எங்கள் ஊர் நூலகத்தில் தமிழ்க் கையெழுத்துப் போட்டி நடந்தது. வயது வரம்பு கிடையாது. கோடு போடாத வெள்ளைத் தாளில், பன்னிரண்டு வரிப் பத்தி ஒன்றை எல்லோரும் பார்த்து எழுத வேண்டும். நடுவர்களாக நாங்கள் இருவர். கடைசிச் சுற்றில் மூன்று தாள்கள் மிஞ்சின.

முதல் தாள் எடுத்த எடுப்பிலேயே கண்ணைக் கவர்ந்தது. விசிறிமடிப்பு போல வளைந்த ‘இ’, நீட்டி இழுத்த ‘ழ’, பெரிய பெரிய சுழிகள். இரண்டாவது தாள் அச்சடித்தது போல உருண்டையாக இருந்தது. மூன்றாவதில் எழுத்துகள் எல்லாம் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன, அலங்காரம் ஒன்றுமில்லை. உடன் இருந்த நடுவர் முதல் தாளைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அழகுக்கு மதிப்பெண் போடுவதை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். முதல் பார்வையில் பிடித்துப்போன தாளில் அதன் பிறகு குறையே தெரியாது.

ஆரம்பிப்பது கோட்டின் சீரில் இருந்து. பத்தியில் அடிக்கடி வரும் ஓர் எழுத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் எடுப்பது மூன்று சுழி ‘ண’. சுழி அதிகமுள்ள எழுத்தில்தான் கை தடுமாறுவது சீக்கிரம் தெரியும். முதல் வரியில் உள்ள ‘ண’ மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் படியெடுத்து, அதையே அடுத்தடுத்த வரிகளில் வரும் ‘ண’ மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மனிதக் கை அச்சு இயந்திரம் அல்ல. மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். உயரமும் சுழியின் வட்டமும் ஏறத்தாழப் பொருந்தினால் போதும்.

முதல் தாளில் முதல் ஐந்து வரிகள் அருமையாகப் பொருந்தின. எட்டாவது வரியில் ‘ண’ ஒரு மடங்கு குட்டையானது. பதினொன்றாவது வரியில் நடுச் சுழி வெறும் வளைவாகிவிட்டது. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மூன்றாவது தாளில் கடைசி ‘ண’வும் முதல் ‘ண’வும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன.

அடுத்தது சாய்வு. ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகியவற்றின் நிமிர்ந்த கோடுகளையும் துணைக்கால்களையும் டிரேசிங் தாளில் மேலும் கீழும் நீட்டி வரைந்தால், எழுத்து மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும். மூன்றாவது தாளில் அவை தென்னந்தோப்பில் காற்றுக்குச் சாய்ந்த மரங்கள் போல ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. இடப்பக்கச் சாய்வு குறையே அல்ல. ஒரு வரியில் இடப்பக்கமும் மறு வரியில் வலப்பக்கமும் சாய்வதுதான் குறை. அச்சுப் போல இருந்த இரண்டாவது தாள் இங்கேதான் சறுக்கியது. நிமிர்த்தி எழுத வேண்டும் என்ற எச்சரிக்கை நினைவுக்கு வந்த இடங்களில் நிமிர்ந்தும், மறந்த இடங்களில் சாய்ந்தும் இருந்தது.

மூன்றாவது தாளில் இன்னொரு சிக்கல். ‘லை’, ‘னை’ போன்றவற்றை அவர் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதியிருந்தார். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது இப்படிப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் பள்ளிக்குப் போனவர்களின் விரலில் பழைய வடிவம்தான் ஊறியிருக்கும். இதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றார் உடன் இருந்த நடுவர். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் கலந்து எழுதியிருந்தால் நானும் குறைத்திருப்பேன். இவர் கடைசி வரை ஒன்றிலேயே நின்றிருந்தார். நாங்கள் பார்க்க வந்தது சீரைத்தான், எழுதியவரின் வயதை அல்ல.

இனி இடைவெளி. நடுவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. எழுத்துகளுக்கு நடுவே அளவுகோல் வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ‘படம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப’வின் வலப்பக்கம் நிமிர்ந்த கோடு, அதை ஒட்டியே ‘ட’வின் இடப்பக்க நிமிர்ந்த கோடு. இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அந்த இடம் நெருக்கமாகத் தெரியும். ‘ட’வின் வலப்பக்கமோ திறந்த முற்றம். அதன் உள்ளே இருக்கும் வெள்ளையும் சேர்ந்துகொள்வதால், ‘ட’வுக்கும் ‘ம்’முக்கும் நடுவே அகலம் அதிகமாகத் தெரியும். இரண்டு இடத்திலும் சரியாக இரண்டு மில்லிமீட்டர் விட்டாலும் கண்ணுக்கு ‘பட ம்’ என்றுதான் படும். நல்ல கை இதை அறியும். ‘ப’வையும் ‘ட’வையும் சற்று விலக்கி வைக்கும், ‘ம்’மை ‘ட’வின் முற்றத்தை ஒட்டிக் கொண்டுவரும். அளவிட வேண்டியது தூரத்தை அல்ல, நடுவே சிக்கிய வெள்ளையின் பரப்பை.

இதைப் பார்க்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, கை நீட்டிய தூரத்தில் பிடிக்க வேண்டும். தலைகீழாக இருக்கும்போது சொற்களைப் படிக்க முடியாது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். நெருக்கம் கூடிய இடம் கறையாகவும், விலகிய இடம் ஓட்டையாகவும் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் தாளில் நீட்டி இழுத்த ‘ழ’வின் வால்கள் கீழ் வரியில் இருந்த புள்ளிகளையும் விலங்குகளையும் இடித்து, ஐந்தாறு இடங்களில் கறை கட்டியிருந்தன. மூன்றாவது தாள் நெய்த துணி போல ஒரே நிறமாக இருந்தது.

இடைவெளி பிசகினால் பொருளும் பிசகும். இரண்டாவது தாளில் ‘பலகை’யின் ‘ல’வுக்கும் ‘கை’க்கும் நடுவே வெள்ளை கூடி, ‘பல கை’ ஆகியிருந்தது. முதல் தாளில் ‘மரம்’ என்ற சொல்லில் ‘ர’வின் அடிக்கால் வேகத்தில் விடுபட்டு, துணைக்கால் போல நின்று, ‘மாம்’ என்று படித்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு ‘ப’ அகலம் இருக்கலாம். சொல்லுக்குள் இருக்கும் இடைவெளி அதை நெருங்கும்போது வாசிப்பவர் தடுக்கி விழுகிறார்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் அழகு. அதற்கு நூற்றுக்கு இத்தனை என்று நாங்கள் போடவில்லை. மோசமான தாளுக்குப் பின் வரும் சுமாரான தாள் பிரமாதமாகத் தோன்றும். காலையில் போட்ட அறுபதும் மாலையில் போட்ட அறுபதும் ஒன்றாக இருக்காது. இரண்டிரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது மேல் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். மூன்று தாள்களுக்கு மூன்று இணைகள். தனித்தனியாக எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஒப்பிட்டோம். இருவருமே மூன்றாவது தாளை இரண்டு முறையும் மேலே வைத்திருந்தோம். அடுத்து முதல் தாள், அதற்கடுத்து இரண்டாவது.

முதல் தாளை விட இரண்டாவது தாளில் பிழை குறைவுதான். ஆனாலும் முதல் தாளின் தொடக்க வரிகளில் இருந்த ஓட்டம் இரண்டாவதில் எங்கும் இல்லை. அளவிட முடிந்ததை எல்லாம் அளந்த பிறகும் மிஞ்சுகிற அந்த ஒன்றைக் கண்தான் சொல்ல வேண்டும்.

பரிசளிப்பு முடிந்ததும் முதல் தாளை எழுதிய மாணவி வந்தாள். “சார், என்னுது எங்க குறைஞ்சுது?” என்று கேட்டாள். டிரேசிங் தாளை அவள் கையிலேயே கொடுத்து, முதல் ‘ண’வில் இருந்து நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். எட்டாவது வரியில் நின்றாள்.

“இங்கதான் சார் கை வலிக்க ஆரம்பிச்சுது. சீக்கிரம் முடிச்சிடலாம்னு எழுதினேன்.”

தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவச் சொன்னேன். பேனா அழுத்திய தடம் முதல் வரியிலேயே மேடு மேடாக எழும்பியிருந்தது. எட்டாவது வரியில் தெரிந்த தளர்ச்சிக்குக் காரணம் முதல் வரியின் இறுக்கம். பேனாவைத் தளர்த்திப் பிடித்து, நான்கு வரிக்கு ஒருமுறை கையை உதறிவிட்டு எழுதிப் பார்க்கச் சொன்னேன். அந்த டிரேசிங் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிப் போனாள்.