கதவு திறந்திருக்கிறது, உள்ளே யார் போவது?

அக்டோபர் 10 காலையில் பல அலுவலகங்களில் ஒரே மாதிரி மெயில் வரும். உலக மனநல நாள் வாழ்த்து. நன்றாகத் தூங்குங்கள், சாப்பாட்டு நேரத்தில் கணினியை மூடி வையுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று நாலைந்து யோசனைகள். கடைசியில் மேலாளரின் வரி: 'என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்.'

உலக மனநலக் கூட்டமைப்பு 1992-இல் தொடங்கிய இந்த நாளுக்கு 2024-இல் பணியிட மனநலமே கருப்பொருளாக இருந்தது. மெயிலின் நோக்கத்தில் குறையில்லை. சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் இன்க்ரிமெண்ட்டையும் முடிவு செய்கிறார். 'ராத்திரி தூக்கமே வரலை சார்' என்று அவரிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

2017-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்கு வந்தது. ஓலார்க் என்ற சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த மேடலின் பார்க்கர், மனநலத்துக்காக லீவு எடுப்பதாகத் தன் குழுவுக்கு மெயில் போட்டார். காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று காரணம் எதையும் ஜோடிக்கவில்லை. நிறுவனத் தலைவர் பென் காங்கிள்டன் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். உடம்பு சரியில்லாத நாளுக்கான லீவை மனதுக்காகவும் எடுக்கலாம் என்பதை இது தனக்கு நினைவூட்டுகிறது என்றார். அந்தப் பதிலைப் பார்க்கர் ட்விட்டரில் போட, உலகமெங்கும் பரவியது.

காங்கிள்டனின் கனிவைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குச் சற்றும் குறையாத இன்னொன்று, அந்தப் பதில் எல்லோர் கண்ணிலும் பட்டது. 'இங்கே இதைச் சொன்னால் ஒன்றும் ஆகாது' என்பதைப் படித்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் பேச்சைப் பொதுவில் தொடங்கியவர் பார்க்கர் என்பதை மறக்கக்கூடாது. தனியே வந்து சொன்னவரின் செய்தியை மேலாளர் இப்படிப் பரப்பினால், அந்தக் கதவுக்கு அன்றோடு பூட்டுதான்.

மெயிலில் வரும் யோசனைகளுக்கு என்ன பலன்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். மனப் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் சுமையை அப்படியே வைத்துவிட்டுச் சுமப்பவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தால் போதுமா என்ற சந்தேகத்துக்கு அது வலு சேர்க்கிறது.

ஒரு கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி. ஒருவர் மேலாளரிடம் வந்து, 'வேலைக்கு வரவே பயமா இருக்கு மேடம்' என்கிறார். இங்கே மேலாளர் மருத்துவராக மாறக்கூடாது. என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்பதும் தன் கஷ்டகாலக் கதையை எடுத்துவிடுவதும் உதவாது. 'எந்த வேலை வரும்போது ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகள். இரண்டு மேலதிகாரிகள் ஒரே நாளில் கேட்கும் இரண்டு அறிக்கைகள்.

இவை மேலாளர் கைக்கு எட்டுகிற விஷயங்கள். ஒரு அறிக்கையின் கெடுவை நாலு நாள் தள்ளலாம். ஏழு மணிக்குமேல் வரும் கேள்விக்கு மறுநாள் பதில் போதும் என்று எல்லோருக்குமான விதியாகவே சொல்லிவிடலாம். அப்போது யாருக்காக அந்த மாற்றம் வந்தது என்பது வெளியே தெரியாது. வேறு யாரிடம் இதைச் சொல்லலாம் என்பதை ஊழியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பேச ஒரு தேதியும் குறிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தத் தேதியில்தான்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் கணக்கு வேறு. அவரைத் தனியே விடக்கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் தரக்கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அது தொடங்கப்பட்டதும் ஒரு அக்டோபர் 10 அன்றுதான், 2022-இல்.

யாருமே கதவைத் தட்டவில்லை என்றால்? எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், மேலாளர் லீவுப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஒரே குழுவில் திங்கட்கிழமைதோறும் 'வயிற்று வலி' வருகிறதா, யார் லீவே எடுக்காமல் கிடக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அவர் தன் பெயரில் கடைசியாக எப்போது லீவு போட்டார் என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. குழுவில் உள்ளவர்கள் அதை ஏற்கனவே கவனித்திருப்பார்கள்.