தளம் இறங்குகிறதா? நூல் கட்டிப் பாருங்கள்

காங்கிரீட் தளம் எல்லாமே கொஞ்சம் தொய்யும். தொய்வே இல்லாத தளம் கிடையாது. எவ்வளவு தொய்ந்திருக்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது பின்னது.

குறுகிய பக்கம் 5 மீட்டர், அதாவது பதினாறு அடிக்குச் சற்று மேல் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். தளத்தின் கனம் ஐந்து அங்குலம். சென்ட்ரிங் பிரித்தவுடன் தளம் தன் எடையைத் தானே தாங்கத் தொடங்கி, நடுவில் 5 மி.மீ. தாழ்கிறது என்று வையுங்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது 10 முதல் 15 மி.மீ. வரை போகும். யாரும் புதிதாகப் பாரம் ஏற்றாமலே இது நடக்கும். ஓயாமல் அழுத்தப்படும் சிமென்ட் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. பொறியாளர்கள் இதை 'க்ரீப்' என்பார்கள். கூடவே காங்கிரீட் உலர்ந்து சுருங்குகிறது. அடிப்பக்கத்துக் கம்பிகள் அங்கே சுருக்கத்தைத் தடுக்கும். மேல்பக்கம் தடையில்லாமல் சுருங்குவதால் தளம் நடுவில் கீழ்நோக்கி வளைகிறது.

இளம் காங்கிரீட்டில் க்ரீப் அதிகம். அதனால்தான் 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு 14 நாள் வரை முட்டு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று ஒரு வாரத்தில் பிரித்தால், அதன் பலனை வீட்டுக்காரர் பல ஆண்டுகள் கழித்துப் பார்ப்பார். கனத்தில் காட்டும் சிக்கனம் அதைவிட மோசம். ஐந்து அங்குலத் தளத்தை நான்காகக் குறைத்தால் அதன் விறைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சம கனமுள்ள இரண்டு மரத்துண்டுகள், ஒவ்வொன்றும் 25 மி.மீ. இருக்கட்டும். கூடத்தின் குறுகிய பக்கத்தில், எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டித் தளத்தின் அடியில் அவற்றை வைத்து, நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளி 11 மி.மீ. என்றால் தளம் 14 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. நூல் தளர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து தொய்ந்து, தொய்வைக் குறைத்துக் காட்டும். லேசர் லெவல் கிடைத்தால் அதுவே மேல்.

எல்லாம் சேர்ந்த தொய்வுக்குத் தரநிலை தரும் எல்லை, அகலத்தை 250 ஆல் வகுத்தது. நம் கூடத்துக்கு அது 20 மி.மீ. அப்படியானால் 14 பரவாயில்லை எனத் தோன்றும். ஆனால் அந்த 14இல் சென்ட்ரிங் பலகை அன்றே தாழ்ந்திருந்ததும், பூச்சு ஓரிடத்தில் தடித்திருப்பதும் கலந்திருக்கலாம். ஆகவே ஒரு தடவை அளந்து முடிவுக்கு வரக்கூடாது. அளந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே புள்ளியில், அதே விடிகாலை நேரத்தில் அளங்கள். மொட்டைமாடித் தளம் வெயிலில் மேற்புறம் விரிந்து சற்று மேலெழும் என்பதால் மதிய அளவு ஏமாற்றும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

பதினைந்து வருட வீட்டில் இரண்டு மூன்று மாதத்தில் 3 மி.மீ. கூடினால் அது வழக்கமான க்ரீப் அல்ல. க்ரீப்பின் பெரும்பகுதி முதல் ஐந்தாண்டுகளிலேயே முடிந்திருக்கும். கசிவால் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, மேலே புதுச் சுவரோ தொட்டியோ வந்திருக்கிறதா, கீழே ஏதாவது சுவரை இடித்தார்களா என்று தேட வேண்டும். இந்த நிலையில் பொறியாளர் வந்து பார்க்கும்வரை முட்டு அவசியம். பீமில், தூணை ஒட்டிச் சாய்வாக விரிசல் ஓடினால் அளவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ஆட்களை வெளியேற்றுங்கள், அன்றே முட்டு வைக்க ஆள் கூப்பிடுங்கள்.

முட்டுக்கு முன் பாரத்தை இறக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு டன் தண்ணீர் நிற்கிறது. அதைக் காலிசெய்ய ஐந்து பைசா செலவில்லை. பிறகு தளத்தின் அடியில் நீளப் பலகை கொடுத்து இரும்பு ஜாக்கி முட்டுகளை வரிசையாக நிறுத்துவார்கள். மாடி வீடானால் நேர் கீழே உள்ள தளத்திலும் அதே இடத்தில் முட்டு வேண்டும், தரை வரைக்கும். இல்லாவிட்டால் பாரம் கீழ்த்தளத்தின் நடுவில் போய் உட்காரும்.

பலர் தவறுவது அடுத்த படியில். முட்டு தளத்தைத் தொட்டு இறுகினால் போதும். ஜாக்கியைத் திருகித் தளத்தைப் பழைய மட்டத்துக்குத் தூக்கப் பார்ப்பார்கள். தளத்தின் நடுவில் கம்பி இருப்பது அடிப்பக்கத்தில்தான். தூக்கினால் முட்டுக்கு நேர் மேலே, கம்பி இல்லாத மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்கும். தொய்ந்த தளத்தின் நடுவில் நிரந்தரமாக ஒரு தூண் எழுப்பிவிடலாம் என்ற யோசனையிலும் இதே ஆபத்து உண்டு. பால்கனியில் நேர்மாறு. அங்கே முக்கியக் கம்பி மேற்பக்கத்தில் இருக்கும், அதனால் நுனியை ஜாக்கியால் தூக்கினால் விரிசல் அடிப்பக்கத்தில் விழும்.